ஸ்கேனில் கல் தெரிந்தால் ஆபரேஷனா?

ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் முழு உடல் பரிசோதனைக்குப் போகிறார். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பித்தப்பையில் 9 மி.மீ. அளவில் ஒரு கல்’ என்று வருகிறது. அவருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் கிடையாது. அறுவை மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “இதுக்கு இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம் சார், வலி வந்தா வாங்க” என்று அனுப்பிவிடுகிறார். அடுத்து உள்ளே வரும் 42 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டிலும் கல்லின் அளவு அதே 9 மி.மீ. தான். அவரை அங்கேயே அட்மிட் செய்து, மறுநாள் காலை ஆபரேஷனுக்கு எழுதிவிடுகிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குடும்பங்களும் பேசிக்கொண்டால் குழப்பம்தான். ஒரே கல், இரண்டு தீர்ப்பா?

இந்த இருவரும் நான் கற்பனையாகச் சேர்த்துவைத்தவர்கள். ஆனால் அறுவை சிகிச்சைப் பிரிவில் இப்படிப்பட்டவர்கள் தினமும் வருகிறார்கள். கல் இருப்பதை வைத்து மட்டும் யாருக்கும் அறுவை முடிவாவதில்லை. வலி எப்படி வந்தது என்கிற கதையையும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லைத் தாண்டி எழுதியிருக்கும் மூன்று நான்கு வரிகளையும் சேர்த்துப் படித்தால்தான் முடிவு கிடைக்கும். அந்த வரிகளைப் பெரும்பாலான நோயாளிகள் படிப்பதே இல்லை.

அந்தப் பெண்ணின் கதையை முதலில் பார்ப்போம். கடந்த எட்டு மாதங்களில் மூன்று முறை அவருக்கு மேல்வயிற்றில் வலி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கல்யாண வீட்டுப் பிரியாணி, பரோட்டா சால்னா, எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு என்று ஏதாவது ஒன்றைச் சாப்பிட்ட இரவில்தான். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் சமயத்தில் ஆரம்பிக்கும். நெஞ்சுக்குழியிலும் வலது விலாவுக்குக் கீழும் யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் இருக்கும். முதுகில் வலது தோள்பட்டை எலும்பு வரை இழுக்கும். புரண்டு படுத்தாலும், எழுந்து நடந்தாலும், வாந்தி எடுத்தாலும் குறையாது. இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகவே போய்விடும். மறுநாள் காலை ஒன்றுமே நடக்காதது மாதிரி இட்லி சாப்பிடுவார். வீட்டில் ‘கேஸ்’ என்றார்கள். ஓமத்தண்ணீர் குடித்தார், சோடா குடித்தார், மருந்துக் கடையில் அசிடிட்டி மாத்திரை வாங்கிப் போட்டார். ஒவ்வொரு முறையும் வலி நின்றதால், கடைசியாகச் சாப்பிட்ட பொருளுக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இந்த வலிக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு? கல்லீரல் இரவும் பகலும் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கும். நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பகுதி, கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பைக்குள் போய்ச் சேரும். பேரிக்காய் வடிவத்தில் இருக்கும் இந்தப் பை ஏறக்குறைய 30 முதல் 50 மில்லி கொள்ளும். அங்கே தண்ணீர் உறிஞ்சப்பட்டு பித்தநீர் கெட்டியாகிறது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பு சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு வந்ததும் குடல் ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அதன் பெயர் கோலிசிஸ்டோகைனின். பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும் கட்டளை அதுதான். பை சுருங்கி, கெட்டியான பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்குள் தள்ளுகிறது. கொழுப்பு செரிக்க அது தேவை.

பைக்குள் கல் இருந்தால், சுருங்கும்போது அந்தக் கல் கழுத்துப் பகுதிக்குத் தள்ளப்பட்டு வாயை அடைத்துக்கொள்ளும். பை விடாமல் சுருங்கப் பார்க்கும், பித்தநீருக்கோ வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அதுதான் வலி. கொஞ்ச நேரத்தில் சுருங்குவது ஓய்ந்து, கல் நழுவிப் பைக்குள் திரும்ப விழுந்ததும் வலி அடங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு மூன்று முறையும் நடந்தது இதுதான். அரை மணி முதல் நான்கைந்து மணி நேரம் வரை நீடித்து, பிறகு முழுவதும் விட்டுப்போகும் வலி பித்தப்பை வலியின் முத்திரை. எல்லோருக்கும் எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரவேண்டும் என்றில்லை. எதைச் சாப்பிட்டோம் என்பதோடு தொடர்பே இல்லாமல், நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும் உண்டு.

வயிறு உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவை மட்டும் இருந்து, ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்தால், குற்றவாளி கல் என்று முடிவுகட்டுவது அவசரம். பித்தப்பையை எடுத்த பிறகும் இப்படிப்பட்டவர்களில் பலருக்கு உப்புசம் அப்படியே இருக்கும். “ஆபரேஷன் பண்ணியும் சரியாகல” என்று சொல்பவர்களை விசாரித்தால், அவர்களில் பலருக்கு ஆரம்பத்திலேயே பித்தப்பை வலி இருந்திருக்காது. அதனால்தான் நல்ல மருத்துவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே, வலி எங்கே, எவ்வளவு நேரம், எங்கே பரவியது என்று துருவிக் கேட்கிறார். நெஞ்சுக்குழி வலி மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஸ்கேனுக்கு முன்பே ஈ.சி.ஜி. எடுத்துவிடுவதும் வழக்கம்.

நான்காவது முறைதான் அந்தப் பெண்ணுக்குக் கதை மாறியது. ரிசெப்ஷன் சாப்பாட்டுக்குப் பிறகு இரவு 11 மணிக்கு வலி வந்தது. விடியும்வரை விடவில்லை. காலையில் காய்ச்சல் 101 டிகிரி. கல் கழுத்தில் சிக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. பையின் சுவர் வீங்கி, சிவந்து, அழற்சி ஆரம்பித்துவிட்டது. ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்காத வலியும், அதோடு காய்ச்சலும் சேர்ந்தால், அது வெறும் பித்தப்பை வலி என்ற கட்டத்தைக் கடந்து பித்தப்பை அழற்சிக்குள் போய்விட்டது என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மருத்துவமனையில் மருத்துவர் அவருடைய வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, “மூச்சை நல்லா உள்ளே இழுங்கம்மா” என்றார். பாதி மூச்சிலேயே அவர் “அம்மா” என்று கத்தி நிறுத்திவிட்டார். மூச்சை இழுக்கும்போது கல்லீரலோடு பித்தப்பையும் கீழே இறங்கி விரலில் இடிக்கும். வீங்கிய பை என்றால் மூச்சு அப்படியே நின்றுவிடும். சிகாகோவில் பணியாற்றிய ஜான் மர்ஃபி என்ற அறுவை நிபுணரின் பெயரால் இதை மர்ஃபி அறிகுறி என்கிறார்கள். ரத்தத்தில் வெள்ளணுக்கள் 14,500க்கு ஏறியிருந்தன. பிலிரூபின் 0.9, மஞ்சள் காமாலை இல்லை.

இனி ஸ்கேன். இதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக் கிடக்கும். கல் மறைந்துபோகலாம், சுவர் தடித்ததுபோல் பொய்யாகத் தெரியலாம். ஒரு வாய் காபியோடு வருபவர்களை ஸ்கேன் அறையில் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான். அவசர நிலையில் மட்டும் இதைப் பார்க்கமாட்டார்கள்.

அல்ட்ராசவுண்ட் திரையில் பித்தநீர் கறுப்பாகத் தெரியும். கல் வெள்ளையாக மின்னும். ஒலி அலை கல்லைத் தாண்ட முடியாததால், வெயிலில் நிற்கும் தூணுக்குப் பின்னால் நிழல் விழுவதுபோல, கல்லுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல் நீளும். நோயாளியைப் பக்கவாட்டில் புரளச் சொன்னால் கல் உருண்டு தாழ்ந்த பக்கம் போகும். நிழலும் அசைவும் இருந்தால் அது கல். சுவரிலேயே ஒட்டி, அசையாமல், நிழலும் இல்லாமல் இருந்தால் பாலிப் என்கிற சதை வளர்ச்சியாக இருக்கலாம். அடியில் மண்டிபோல் படிந்து, நிழலில்லாமல் மெல்ல நகர்ந்தால், கெட்டியாகிப்போன பித்தநீர். ரிப்போர்ட்டில் இதை ‘ஸ்லட்ஜ்’ என்று எழுதுவார்கள். பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைக் கண்டுபிடிப்பதில் சி.டி. ஸ்கேனைவிட அல்ட்ராசவுண்ட்தான் நம்பகமானது. கொலஸ்ட்ரால் கற்கள் பல சி.டி.யில் தெரியாமலே போய்விடும். அதிகப் பணம் கொடுத்து எடுக்கும் ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

நம் 55 வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் கல் புரண்டது. பையின் சுவர் 2 மி.மீ.; 3 மி.மீ. வரை இயல்பு. சுற்றிலும் நீர் இல்லை. பொதுப் பித்தக்குழாய் 4 மி.மீ. இப்படித் தொந்தரவு தராத கல்லோடு இருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வலி ஆரம்பிக்கிறது. பெரும்பாலோர் அந்தக் கல்லோடேயே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் பையை எடுத்தால், அறுவையால் வரும் கேடு கல்லால் வரும் கேட்டைவிட அதிகமாகிவிடும். விதிவிலக்குகள் உண்டு: 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், 10 மி.மீ. அல்லது அதற்கு மேலான பாலிப், சுவரில் சுண்ணாம்பு படிந்த பை ஆகியவற்றில் புற்றுநோய் அச்சம் இருப்பதால் வலி இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டுமே வலியில்லாத கல்லை எடுப்பதற்குக் காரணம் ஆகாது.

அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியும் வேறு. கல் பையின் கழுத்தில் இருந்தது. புரண்டு படுத்தும் அசையவில்லை. சுவர் 5 மி.மீ. தடித்திருந்தது. பை உப்பியிருந்தது. அதைச் சுற்றி மெல்லிய நீர்க்கோடு. ஸ்கேன் கருவியை நேராகப் பித்தப்பையின் மேல் வைத்து அழுத்தியபோதுதான் வலி உச்சத்துக்குப் போனது. கையால் பார்த்த மர்ஃபி அறிகுறியை ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே உறுதி செய்வது இது. வலி மருந்து ஊசி போட்டுவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினால் இந்த அறிகுறி மங்கிவிடும் என்பதை ரேடியாலஜி மருத்துவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, பொதுப் பித்தக்குழாய் 5 மி.மீ. இந்த வரி பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும் அறுவை மருத்துவர் முதலில் தேடுவது இதைத்தான்.

ஏனென்றால் சிறு கற்கள் பையைவிட்டு நழுவி அந்தக் குழாய்க்குள் போய்விடலாம். குழாய் அடைபட்டால் காமாலை, குளிருடன் காய்ச்சல் வரும். குழாயின் கடைவாயில் சிக்கினால் கணையம் வீங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. ‘சின்னக் கல்தானே’ என்று ஆறுதல் சொல்வது இந்த நோயில் தலைகீழ்ப் பாடம். 3 மி.மீ. கல் நழுவிப் போகும். பெரிய கல்லுக்கு அந்த வழி போதாது. குழாயின் அகலம் 6 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, பிலிரூபின் ஏறியிருந்தாலோ, நேராக அறுவைக்குப் போகக்கூடாது. குழாயின் கீழ்ப்பகுதியைக் குடலில் உள்ள வாயு மறைப்பதால், அங்கே இருக்கும் கல்லை அல்ட்ராசவுண்ட் பலமுறை தவறவிடும். எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, கல் இருந்தால் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் குழாயைத் துப்புரவு செய்வார்கள். பித்தப்பை அறுவை அதற்குப் பிறகு நடக்கும். வயதானவர்களுக்குக் குழாய் இயல்பிலேயே கொஞ்சம் அகலமாக இருக்கும் என்பதால், 7 மி.மீ. என்று பார்த்ததும் பதற வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் உள்ள ஒரே ஒரு வரியை வைத்து ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலும் மேல்வயிற்று வலியுமாக வரும் இளைஞருக்கு ஸ்கேன் எடுத்தால், பித்தப்பைச் சுவர் 7 மி.மீ. தடித்து, சுற்றிலும் நீர் கோத்திருக்கும். பார்க்க அச்சு அசல் பித்தப்பை அழற்சி. ஆனால் கல் இருக்காது, பிளேட்லெட் 40,000க்கு இறங்கியிருக்கும். அது டெங்கு. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பித்தப்பைச் சுவரில் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல் தணிந்து சில நாட்களில் சுவர் தானாக மெலிந்துவிடும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தப்போக்கைச் சமாளிக்க முடியாது. ஈரல் சுருக்க நோய், மஞ்சள் காமாலை, இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்கள் ஆகியோருக்கும் சுவர் தடிக்கும். ஆகவே ‘சுவர் தடிப்பு’ என்ற சொல்லைப் பார்த்து அறுவை மருத்துவரைத் தேடி ஓடவேண்டாம். காய்ச்சலைப் பார்த்த மருத்துவரிடமே முதலில் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அறுவை தேவை என்பதில் சந்தேகமில்லை. எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி. முன்பெல்லாம் ஆன்டிபயாடிக் போட்டு வீக்கத்தை அடக்கி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இப்படிக் காத்திருந்தவர்களில் கணிசமானவர்கள் அந்த இடைவெளியிலேயே மறுபடி வலியோடு வந்து சேர்ந்தார்கள். இப்போது வலி ஆரம்பித்த முதல் மூன்று நாட்களுக்குள், முடியாவிட்டால் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் எடுத்துவிடுவதே நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. முதல் நாட்களில் வீக்கம் நீர்க்கசிவாக மட்டும் இருப்பதால் திசுக்கள் எளிதாகப் பிரியும். நாள் ஆக ஆக அவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். ‘கேஸ்தான்’ என்று இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு இந்த வாய்ப்பு கைவிட்டுப்போய்விடுகிறது. அவரை மருந்தில் வைத்துப் பார்த்து, வீக்கம் அடங்கட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகும். மயக்க மருந்து தாங்க முடியாத முதியவர்களுக்கு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசிக் குழாய் செருகிப் பையிலுள்ள நீரை வடித்துவிடும் மாற்று வழி இருக்கிறது.

அறுவையில் தொப்புளில் ஒன்றும் மேல்வயிற்றில் மூன்றுமாகச் சிறு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பச்செய்து, கேமரா வழியாகப் பார்த்துப் பையை எடுப்பார்கள். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லை உண்டாக்கியதே அந்தப் பைதான். விட்டுவைத்தால் திரும்ப உண்டாக்கும். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக எடுத்ததற்கு இதே எண்ணம்தான் காரணம். துளை வழி முறை ஜெர்மனியில் 1985இல் எரிச் முயே தொடங்கியது. இந்தியாவில் 1990இல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா முதலில் செய்தார்.

இந்த அறுவையில் பயப்பட வேண்டியது ஒரே ஒரு விஷயத்துக்கு. பித்தப்பையின் சிறு குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயை வெட்டிவிடுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் குழாய்க் காயம் நேர்கிறது. இதைத் தவிர்க்கவே, வெட்டுவதற்கு முன் அந்தப் பகுதிக் கொழுப்பையெல்லாம் விலக்கி, பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் நுழைவது ஒரு குழாயும் ஒரு ரத்தக் குழாயும் மட்டுமே என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட வேண்டும் என்பது விதி. வீக்கத்தில் அந்த இடம் தெளிவாகத் தெரியாவிட்டால், பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை எடுப்பார்கள், அல்லது வயிற்றைத் திறப்பார்கள். “துளை போடுறேன்னு சொல்லிட்டு வயித்தைக் கிழிச்சுட்டாங்க” என்று உறவினர்கள் கோபப்படும் பல நேரங்களில், அந்த மருத்துவர் சரியான முடிவைத்தான் எடுத்திருப்பார்.

கல்லைக் கரைக்க மருந்து இல்லையா? இருக்கிறது; பெயர் உர்சோடியாக்சிகோலிக் அமிலம். சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டும், மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் கரைக்கும். நிறுத்தினால் ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது. தென்னிந்தியர்களிடம் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அதிகம். அவற்றை இந்த மருந்து தொடாது. வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படுவது. பித்தப்பையில் இருக்கும் கல்லுக்குச் சிறுநீர்ப் பாதையில் வழியே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் வெளியேறும் என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் இருக்கும் பச்சை உருண்டைகள், அந்த எண்ணெயே குடலில் சோப்பாக மாறி உருண்டவை. கழுத்தில் கல் சிக்கும் நிலையில் இருப்பவருக்கு இவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் கொடுப்பது வலியை வரவழைக்கும் நேர்வழி.

அந்தப் பெண் போன்றவர்கள் சிக்கல் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். அது சொட்டுச் சொட்டாக நேராகக் குடலுக்குப் போகும். சில வாரங்களுக்கு எண்ணெயைக் குறைத்துக்கொண்டால் போதும்; சிலருக்கு மலம் இளகிப் போகும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சின்ன டப்பாவில் கல்லைப் போட்டுக் கொடுப்பார்கள், வீட்டில் எல்லோரும் வாங்கிப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமானது எடுத்த பையின் பயாப்சி ரிப்போர்ட். எப்போதாவது ஒருவருக்கு அந்தச் சுவரில், ஸ்கேனில் தெரியாத தொடக்க நிலைப் புற்றுநோய் இருக்கும். அது அந்த ரிப்போர்ட்டில்தான் தெரியவரும். தையல் பிரிக்கப் போகும் அன்று அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்.